15,000 ரூபாய் எந்தப் பக்கம்?

"நம்ம கடையில கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு 15,000 ரூபாயும் அதுக்கு மேலயும் சம்பளம்" என்கிறார் முதலாளி. "15,000-ஐத் தாண்டுறவங்க அஞ்சுல ஒருத்தர்தான்" என்கிறார் ஊழியர். இருவர் கையிலும் இருப்பது ஒரே சம்பளப் பட்டியல். இருவர் சொல்வதும் உண்மை. எப்படி?

உதாரணத்துக்கு 40 பேர் வேலை பார்க்கும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் வாங்குபவர்கள் 7 பேர், 12,000 வாங்குபவர்கள் 12 பேர், 14,000 வாங்குபவர்கள் 3 பேர். சரியாக 15,000 வாங்குபவர்கள் 10 பேர். 18,000-ல் 4 பேர், 20,000-ல் 4 பேர்.

இதை இரண்டு பிரிவாகப் பிரிப்போம். '15,000 வரை' என்று கோடு போட்டால் கீழே 32 பேர், மேலே 8 பேர். மேலே இருப்பது வெறும் 20 சதவிகிதம். '15,000-க்குக் கீழ்' என்று கோடு போட்டால் கீழே 22 பேர், மேலே 18 பேர். இப்போது மேலே இருப்பது 45 சதவிகிதம்! யாருக்கும் சம்பளம் ஏறவில்லை. கோடுதான் ஒரு ரூபாய் நகர்ந்தது.

காரணம், நடுவில் நிற்கும் அந்த 10 பேர். நம் ஊரில் 14,637 ரூபாய் என்று யாரும் சம்பளம் பேசுவதில்லை. 10,000, 12,000, 15,000 என்று ரவுண்டாகத்தான் பேசுகிறோம். அதனால் ரவுண்டான எண்களில் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். ரிப்போர்ட் தயாரிப்பவரும் அதே ரவுண்டான எண்ணில்தான் கோடு போடுவார். கூட்டத்தின் தலைமேலேயே கோடு விழுந்துவிடுகிறது.

சில நேரம் இதை யாரும் யோசித்துக்கூட முடிவு செய்வதில்லை. எக்செல்லின் FREQUENCY ஃபார்முலா, கோட்டில் நிற்பவரைக் கீழ்ப்பிரிவில் சேர்க்கும். பைத்தானில் numpy.histogram அவரை மேல்பிரிவில் சேர்க்கும். சாஃப்ட்வேரை மாற்றினாலே படம் மாறிவிடும்.

இதனால் என்ன நஷ்டம்? பி.எஃப் விஷயத்தைப் பாருங்கள். கட்டாயமாகச் சேர்ப்பதற்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்புப்படி, சேரும்போது சம்பளம் 15,000-ஐத் தாண்டினால்தான் விலக்கு. சரியாக 15,000 என்றால் உள்ளே. மேலே சொன்ன தொகை அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது, எல்லோரும் அதே சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கடையில் 32 பேரைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது படத்தை நம்பினால் 22 பேர்தான் கண்ணில் படுவார்கள். 10 பேர் காணாமல் போய்விடுவார்கள்.

வயதிலும் இதே கதைதான். "பாட்டி, உங்க வயசு என்ன?" என்று கேட்டால் "அறுபது இருக்கும்ப்பா" என்றுதான் பதில் வரும். 58, 59, 61 எல்லாமே 60-ல் வந்து சேரும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேர் 0, 5-ல் முடியும் வயதைச் சொன்னார்கள் என்று பார்ப்பார்கள். நியாயமாக ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் குறியீடு 100. எல்லோருமே 0, 5-ல் முடியும் வயதைச் சொன்னால் 500.

இந்தக் கூட்டத்தின் மேல் '51-60, 61-70' என்று கோடு போட்டால், 60 வயதுக்காரர்கள் எல்லோரும் ஐம்பதுகளோடு போய்விடுவார்கள். ஆனால் 2007-ம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, 60 நிறைந்தாலே மூத்த குடிமகன். அங்கே '50-59, 60-69' என்பதுதான் சரியான பிரிவு.

அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? கேள்வி சட்ட வரம்பைப் பற்றியது என்றால், சட்டம் போட்ட இடத்தில்தான் போட வேண்டும். பொதுவாகச் சம்பள நிலவரத்தைக் காட்டத்தான் என்றால், கூட்டம் இல்லாத இடத்தில் போடலாம். நம் கடைக்கு 12,500, 17,500 என்று இரண்டு கோடுகள் போட்டுப் பாருங்கள். கீழே 19, நடுவில் 13, மேலே 8 பேர். கோடுகளை 300 ரூபாய் முன்னே பின்னே நகர்த்தினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. இதுவே ஒரு சோதனை: கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியதும் படம் தலைகீழானால், அந்தப் படத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் சார்ட்டில் '10,000-15,000', '15,000-20,000' என்று 15,000 இரண்டு இடத்திலும் இருந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சரியாக 15,000 வாங்குகிறவரை எந்தப் பக்கம் சேர்த்தீர்கள்?