மேற்கோளுக்குள் மேற்கோள்: இரண்டு அடுக்கும் தெரிய வேண்டும்

தகடூர் யாத்திரை இன்று முழுநூலாகக் கிடைப்பதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக்கு நச்சினார்க்கினியர் வகுத்த உரையிலும், புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் எடுத்தாளப்பட்ட செய்யுள்களாகவே அது எஞ்சியிருக்கிறது. அப்படியிருக்க, அதன் செய்யுளொன்றை எடுத்தாளும் கட்டுரையாசிரியர் அடிக்குறிப்பில் ‘தகடூர் யாத்திரை’ என்று மட்டும் எழுதினால், யாரும் கண்டிராத ஒரு நூலைத் தாம் கண்டதாகச் சொன்னவராகிறார். செய்யுள் எந்த நூலுக்கு உரியது என்பது உள்ளடுக்கு. அது எந்த நூலின் வழியாகக் கைக்கு வந்தது என்பது வெளியடுக்கு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் மேற்கோள் நிறைவடைகிறது.

இவற்றுள் வெளியடுக்கே பெரும்பாலும் விடுபடுகிறது. அதனால் நேரும் இழப்பைப் பொருளதிகாரத்தின் பதிப்பு வரலாறே காட்டுகிறது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885-ஆம் ஆண்டு அதனை அச்சிட்டபோது, உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே வெளியாயிற்று. பின்வந்த ஆய்வாளர்கள், மெய்ப்பாட்டியல் முதலாக அதன் பிற்பகுதியில் அச்சான உரை பேராசிரியருடையது என்று நிறுவினர். அந்தப் பகுதியிலிருந்து ஒரு மேற்கோளை எடுத்து, ‘நச்சினார்க்கினியர் காட்டும் செய்யுள்’ என்று மட்டும் எழுதியவரின் கூற்று அன்றே பிழையாகிவிட்டது. எந்தப் பதிப்பின் எந்த இடத்தைக் கண்டார் என்பதும் பதிவாகாததால், அதைத் திருத்த வழியில்லை. ‘1885-ஆம் ஆண்டுப் பதிப்பின் இன்ன இயல், இன்ன நூற்பாவின் உரை’ என்று குறித்தவரின் மேற்கோளையோ, உரையாசிரியர் பெயரை மட்டும் மாற்றி இன்றும் பயன்படுத்தலாம். பிழை நேராமல் காப்பது எப்போதும் இயலாது. நேர்ந்த பிழையைக் கண்டு திருத்துவதற்கு வெளியடுக்கின் குறிப்பே வழிவிடுகிறது.

உள்ளடுக்கின் எல்லையைக் காண்பதில் வேறொரு சிக்கல் உண்டு. ஏட்டுச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. பிறர் கூற்று முடியும் இடத்தை ‘என’, ‘என்றார்’, ‘என்பது’ போன்ற சொற்கள் காட்டினவே தவிர, அது தொடங்கும் இடத்தைக் காட்ட எதுவுமில்லை. செய்யுளாயின் யாப்பு துணை செய்யும். உரைநடையாயின், உரையாசிரியரின் சொல் எங்கே முடிந்து பிறர் சொல் எங்கே தொடங்குகிறது என்பதைப் பதிப்பாசிரியரே முடிவு செய்து குறியிடுகிறார். உரையாசிரியர்கள் நூற்பெயர் சுட்டாமலே பல செய்யுள்களைக் காட்டியிருப்பதால், அச்சுநூலில் செய்யுளின் கீழே அடைப்புக்குள் காணும் நூற்பெயரும் எண்ணும் பெரும்பாலும் பதிப்பாசிரியர் தேடிச் சேர்த்தவை. அவற்றை உரையாசிரியரே சொன்னதாக எழுதினால் மூன்றாம் ஒருவரின் உழைப்பும் முடிவும் மறைந்துபோகின்றன.

அடுக்குகளை அச்சில் காட்டும் முறை எளியது. வெளிமேற்கோளுக்கு இரட்டைக் குறியும் அதனுள் வருவதற்கு ஒற்றைக் குறியும் இடலாம். சில பதிப்பகங்கள் இதை மாற்றியும் கொள்கின்றன. எதைக் கொண்டாலும், நூல் முழுவதும் ஒரே முறை நிற்க வேண்டும் என்பதும், அடுத்தடுத்த அடுக்குகளின் குறி மாறிமாறி வர வேண்டும் என்பதுமே விதி. இதற்கெனப் புனைந்த ஒரு தொடரைக் காணலாம்:

உரையாசிரியர், “மதில் வீழினும் மறம் வீழாது என்பதனைப் பிறரும் ‘கொடி சாயினும் குடி சாயாது’ என்றார்” என்று எழுதுகிறார்.

இதில் ஒற்றைக் குறிகளை நீக்கிவிட்டால், ‘குடி சாயாது’ என்பது பிறரின் சொல்லேயா, அவர் கருத்தை உரையாசிரியர் தம் சொல்லில் தந்ததா என்பது தெரியாமல் போகும். இரட்டைக் குறிகளை நீக்கினாலோ, உரையாசிரியரின் வாக்கியம் கட்டுரையாசிரியரின் வாக்கியமாகிவிடும். நீண்ட பகுதியை உள்தள்ளித் தனிப்பத்தியாக அச்சிடும்போது அந்த அமைப்பே வெளிக்குறியாக நிற்பதால், உள்ளிருக்கும் மேற்கோளுக்கு மட்டும் குறி இட்டால் போதும். இடையில் கட்டுரையாசிரியர் சேர்க்கும் விளக்கச் சொல்லைப் பகர அடைப்புக்குள் தர வேண்டும். வளைவு அடைப்பு மூலத்திலேயே இருக்கக்கூடும் என்பதால் அது ஐயத்துக்கு இடம் தரும்.

அடிக்குறிப்பும் இந்த வரிசையிலேயே அமைய வேண்டும்: முதலில் உள்நூலின் பெயர், அதன்பின் ‘மேற்கோள் வழி’ என்னும் குறிப்பு, அதைத் தொடர்ந்து கட்டுரையாசிரியர் தம் கண்ணால் கண்ட நூலின் பெயர், பதிப்பாசிரியர், ஆண்டு, பக்கம். உள்நூல் இன்றும் கிடைப்பதாயின் இந்தக் குறிப்பு போதாது. மூலத்தையே தேடிப் பார்த்து, பாடம் வேறுபட்டால் அவ்வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஏனெனில் உரையாசிரியர் கண்ட சுவடியின் பாடமும், இன்று அச்சிலுள்ள நூலின் பாடமும் வேறாக இருப்பது உண்டு. உரைநூலின் பாடத்தை மூலநூலின் பெயரில் வெளியிடுவது இரண்டையும் திரிப்பதாகும்.

ஆய்விதழ்களும் பல்கலைக்கழகங்களும் துணைநூற்பட்டியலின் வடிவத்தைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. கிடைக்காத நூலின் பெயர் அடிக்குறிப்பில் தனித்து நின்றால், ‘எதன் வழியாக?’ என்று கேட்டு, விடை வந்த பின்னரே கட்டுரையை ஏற்க வேண்டும்.