பத்தில் ஒரு பங்கு

சென்னீர்குப்பத்தைச் சுற்றி, பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை, வாடகை வீட்டின் முன்னறையிலேயே இயங்கும் சிறிய அறக்கட்டளைகளைக் காணலாம். ஒன்று மாலை நேரப் பாட மையம் நடத்தும். இன்னொன்று அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும். இவற்றை நடத்துகிறவர்களுக்குக் குழந்தைகளைத் தெரியும். பன்னிரண்டு பக்கத்தில் நிதி விண்ணப்பம் எழுதத் தெரியாது. அதனால் எழுதித் தருகிறவர்களைத் தேடுகிறார்கள். கல்லூரி வேலை போக மிஞ்சும் நேரத்தில் நானும் அப்படி எழுதித் தருகிறவன் என்பதால், ஒரு வாசகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்: "ஐயா, இப்போது கையில் ஒன்றும் இல்லை. நிதி வந்ததும் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்."

கேட்பதற்கு இது நியாயமாகவே இருக்கிறது. கிடைத்தால் இருவருக்கும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் எவருக்கும் இழப்பில்லை. எழுதுகிறவனும் அக்கறையோடு எழுதுவான். இந்த ஏற்பாட்டை மறுக்கிறவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வரும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள் என்பது என் கருத்து. கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

பதினெட்டுக் குழந்தைகள் வரும் ஒரு பகல் நேரப் பயிற்சி மையத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்த அளவிலான மையத்துக்குப் பொருந்தக்கூடியவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்திடம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, அதாவது சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து, ஓராண்டுக்கு 9,00,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு சிறப்பாசிரியர்களுக்கு மாதம் 15,000 வீதம் 3,60,000. குழந்தைகளை அழைத்துவரும் வேனுக்கு மாதம் 18,000 வீதம் 2,16,000. இடத்தின் வாடகை 1,20,000. இயன்முறை மருத்துவர் ஆண்டுக்கு நூறு முறை வர, முறைக்கு 800 வீதம் 80,000. பயிற்சிக் கருவிகள் 64,000. கணக்கு, தணிக்கை, மின்சாரம், தொலைபேசி ஆகிய நிர்வாகச் செலவு 60,000. கூட்டினால் ஒன்பது லட்சம் சரியாக வரும்.

இதில் எழுதியவனின் பங்கு 90,000. அது எந்த வரியில் இருக்கிறது? எந்த வரியிலும் இல்லை. நிதி வழங்குகிறவர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதில்லை. வரி வரியாக ஒப்புதல் தருகிறார்கள். வரி வரியாகவே கணக்குக் கேட்கிறார்கள். ஆண்டு முடிவில் பட்டயக் கணக்காளர் ஒப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிய கூலி என்று வெளிப்படையாக ஒரு வரி சேர்க்கலாமே என்றால், ஒப்புதல் தேதிக்கு முன் நடந்த வேலைக்கான செலவைப் பெரும்பாலான நிதி வழங்குநர்கள் ஏற்பதில்லை. நிர்வாகச் செலவில் எடுக்கலாமே என்றால், அந்த வரியே 60,000தான்.

ஆகவே மூன்று வழிகளே மிச்சம். முதல் வழி, வேறொரு வரியைப் பருக்கவைப்பது. வேன் வாடகையை மாதம் 18,000 என்பதற்குப் பதில் 25,500 என்று எழுதினால், பன்னிரண்டு மாதத்தில் அந்தத் தொண்ணூறாயிரம் வந்துவிடும். ஆனால் வேன்காரர் பன்னிரண்டு பொய் ரசீதுகளில் கையெழுத்திட வேண்டும். கணக்காளர் அவற்றை நம்பிச் சான்றளிக்க வேண்டும். இரண்டாவது வழி, வாக்களித்த வேலையைக் குறைப்பது. இயன்முறை மருத்துவருக்கான தொகை முழுவதையும் நிறுத்தினாலும் 80,000தான் தேறும். இன்னும் பத்தாயிரம் குறையும். மூன்றாவது, அறக்கட்டளை தன் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது. இதுதான் நேர்மையான வழி. ஆனால் தொண்ணூறாயிரம் சேமிப்பு இருக்கும் அறக்கட்டளை, அதில் சிறு பகுதியை முன்னதாகவே கூலியாகத் தந்திருக்கலாம். பங்கு பேசவேண்டிய தேவையே எழுந்திருக்காது.

தவணையும் ஒரு சிக்கல். நிதி பெரும்பாலும் ஒரே தடவையில் வருவதில்லை. முதல் தவணையாக நாற்பது விழுக்காடு வருகிறது என்று வைத்துக்கொண்டால் அது 3,60,000. ஒப்புதல் வந்ததும் தன் பங்கைக் கேட்கிறவர் அதில் நான்கில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூன்றாம் மாதம் ஆசிரியர் சம்பளம் தாமதமாகும். முதல் தவணைக்குச் சரியான கணக்கு வராததால் இரண்டாம் தவணை நிற்கும். இத்தகைய மையங்கள் ஓராண்டுத் திட்டத்தை நடுவில் கைவிட்டால், அதற்கான காரணத்தை இங்கேயும் தேடிப்பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு நிதி பெறும் பதிவு உடைய அறக்கட்டளைகளுக்கு இன்னொரு கட்டும் உண்டு. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைத்தது. சட்டம் சார்ந்த, தொழில்முறை சார்ந்த கட்டணங்கள் நிர்வாகச் செலவிலேயே சேரும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. அலுவலக வாடகையும், நிர்வாகம் செய்கிறவர்களின் சம்பளமும் அதே இருபதுக்குள்தான். ஒன்பது லட்சத்தில் இருபது விழுக்காடு 1,80,000. எழுதியவன் பங்கு அதில் சரிபாதியைத் தின்றுவிடும்.

இனி எழுதுகிறவன் பக்கம். நல்ல எழுத்துக்குத்தானே நிதி கிடைக்கிறது, கிடைத்ததில் பங்கு கேட்பதில் என்ன தவறு என்பார்கள். எழுத்தினால் மட்டும் கிடைப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல், சமூகப் பொறுப்பு நிதி பெற்று வேலை செய்யும் அமைப்புகள் மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தின் வழியே பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனங்கள் தாமே தொடங்காத அறக்கட்டளைகளாக இருந்தால், அதே வகைப் பணியில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை தரும்படி 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறுவதால், தொழிற்சாலைக்கு அருகில் இருப்பதும் ஒரு தகுதியாகிவிடுகிறது. இவற்றில் எதையும் எழுத்துநடை மாற்றாது. பதிவு இல்லாத அறக்கட்டளைக்கு எவ்வளவு அழகாக எழுதினாலும் பதில் ஒன்றுதான். எல்லாம் சரியாக உள்ள அறக்கட்டளைக்குச் சுமாராக எழுதினாலும் கிடைப்பதுண்டு.

பங்குக்கு எழுதுகிறவன் இதை விரைவில் கற்றுக்கொள்வான். கற்றபின் அவன் செய்வது இரண்டு. உதவி மிகவும் தேவைப்படும் புதிய அமைப்புகளைத் தவிர்ப்பான். ஏற்றுக்கொண்டவற்றுக்குக் கேட்கும் தொகையைப் பெருக்குவான். ஆண்டுக்கு ஆறு லட்சம் செலவழித்துப் பழகிய மையத்துக்கு நாற்பது லட்சம் கேட்டு வரைவு வந்தால், அந்த எண் மையத்தின் தேவையிலிருந்து வந்ததா, எழுதுகிறவனின் பங்கிலிருந்து வந்ததா என்று அறங்காவலர்கள் கேட்க வேண்டும். நிதி வழங்குகிறவர்களும் இந்தப் பொருத்தமின்மையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தணிக்கை அறிக்கையைப் புரட்டினால் போதும்.

நன்கொடைக் கடிதங்களில் பங்கு வேறு விதமாகக் கெடுக்கிறது. முந்நூறு கடிதங்கள் அனுப்பி நாற்பது பேர் பதிலளித்து 1,20,000 ரூபாய் வந்தது என்க. அதில் 70,000, தாயின் நினைவு நாளுக்கோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ ஆண்டுதோறும் கொடுப்பவர்களுடையது. கடிதம் போகாவிட்டாலும் அவர்கள் கொடுத்திருப்பார்கள். மொத்தத்தில் பத்து விழுக்காடு என்றால் கூலி 12,000; கடிதத்தால் உண்மையில் வந்த 50,000த்தோடு ஒப்பிட்டால் அது இருபத்துநான்கு விழுக்காடு. எது யாரால் வந்தது என்ற வழக்கு இங்கேதான் தொடங்கும். சரிபார்க்க வேண்டும் என்று நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலைக் கேட்பார் எழுதியவர். அந்தப் பட்டியலை வெளியாள் கையில் கொடுத்த அறக்கட்டளை, பிறகு அதே பெயர்களுக்கு வேறு அமைப்புகளின் கடிதங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடிதத்தின் மொழியும் மாறும்; ஒரு குழந்தையின் துயரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினால் தொகை கூடும் என்று தெரிந்த கை சும்மா இருக்காது.

நம் இலக்கியத்தில் இதற்கு நேரான ஒரு மரபு இருப்பதை இப்பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் இன்னொருவனுக்கு வள்ளலிடம் போகும் வழியைச் சொல்வதே ஆற்றுப்படை. எங்கே தங்கலாம், என்ன உணவு கிடைக்கும், வள்ளல் எப்படிப்பட்டவன் என்பதையெல்லாம் சொல்கிறவன், உனக்குக் கிடைப்பதில் எனக்குப் பங்கு என்று சொல்வதில்லை. வழி சொல்வது ஒரு வேலை, பரிசில் வேறொருவனுடையது. நிதி திரட்டுவோரின் தொழில் அமைப்புகளும் இந்த இடத்துக்கே வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1960இல் தோன்றிய நிதி திரட்டும் தொழில்முறையாளர் சங்கத்தின் நெறிமுறை, திரட்டிய தொகையில் விழுக்காடு பெறுவதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்கிறது.

அப்படியானால் கையில் பணமில்லாத அறக்கட்டளை என்ன செய்வது? என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு விண்ணப்பத்துக்கு 12,000 ரூபாய் என்றால் மூன்று பகுதியாகப் பிரிக்கிறேன். முதல் 3,000, பதிவுச் சான்றுகளையும் மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகளையும் படித்து, விண்ணப்பிக்கும் நிலையில் இருக்கிறார்களா என்று எழுத்தில் சொல்வதற்கு. இல்லை என்றால் வேலை அங்கேயே நிற்கும். அவர்களுக்கு ஒன்பதாயிரம் மிச்சம். அடுத்த 6,000 வரைவுக்கு. கடைசி 3,000, இணைப்புகளோடு இறுதி செய்வதற்கும் நிதி வழங்குநர் பின்னர் கேட்கும் விளக்கங்களுக்குப் பதில் எழுதுவதற்கும். நிதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொகை மாறாது. இதற்கான பணத்தை, இன்ன வேலைக்கு என்று சொல்லி, அறங்காவலர் ஒருவரிடமோ பழைய நன்கொடையாளர் ஒருவரிடமோ பொதுநன்கொடையாகப் பெறும்படி சொல்கிறேன். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் என்பது கேட்கக்கூடிய தொகை.

அதுவும் முடியாத இடத்தில் இலவசமாக எழுதித் தரலாம். இலவசம் என்று முதலிலேயே சொல்லி, அதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். வெற்றி பெற்றால் ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்ற சொல்லை அதில் சேர்க்கக்கூடாது. அந்த ஏதாவது என்பதையும் ஒருநாள் வேன்காரரின் ரசீதில்தான் எழுத வேண்டியிருக்கும்.