இணையப் பக்கம் இடும் கட்டளைக்கு ஏன் பணிகிறோம்?

இலவசமாகத் திரைப்படம் காட்டும் தளமொன்றைத் திறக்கிறோம். படம் தெரிய வேண்டிய கறுப்புச் சட்டத்தில் ஓர் அறிவித்தல் தோன்றுகிறது: உங்கள் வீடியோ பிளேயர் பழையது, படத்தைப் பார்க்க அதனை இற்றைப்படுத்துங்கள். கீழே ஒரு பொத்தான். அதனை அழுத்திக் கணினியைக் கெடுத்துக்கொண்டவர்களை ஓசிப் படத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்று ஏளனம் செய்வது நம்மவர் வழக்கம். அந்த ஏளனத்தில் பாதிதான் நியாயம் என்பது என் கருத்து.

ஏனெனில், இந்தப் பொத்தானை அழுத்தும்படி நம்மைப் பழக்கியவர்கள் திருடர்கள் அல்லர். இரண்டாயிரங்களில் நேர்மையான தளங்களே, "ஃப்ளாஷ் பிளேயர் இல்லை, நிறுவுங்கள்", "இந்தக் கோப்புக்குப் புதிய கோடெக் தேவை" என்று நாள்தோறும் கேட்டன. நாமும் நிறுவினோம், படமும் ஓடியது. பத்தாண்டுகளுக்கு மேலாக மென்பொருள் உலகம் ஊட்டி வளர்த்த அந்தப் பழக்கத்தைத் திருடர்கள் முதலாகப் போட்டு வியாபாரம் செய்தார்கள்.

அந்த வியாபாரம் எத்தகையது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. எஸ்தோனியாவில் 2011 நவம்பரில் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அவர்கள் பரப்பிய 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற தீநிரலுக்குப் பலியான பலர், வீடியோ பார்ப்பதற்கான கோடெக் என்று நம்பியே அதனை நிறுவியிருந்தனர். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய இலக்க முகவரியைக் கணினி ஒரு வழங்கியிடம் கேட்டறிகிறது. அந்த நிரல் செய்ததெல்லாம், கேட்கும் இடத்தைத் தம்முடைய வழங்கிக்கு மாற்றியது மட்டுமே. வீட்டுத் தொலைபேசி வழிகாட்டியை எடுத்துவிட்டு அச்சு அசலான போலியை வைத்தது போன்ற வேலை. ஐடியூன்ஸ் தளத்துக்குச் செல்ல முயன்றவர், அப்பிள் நிறுவனத்தோடு தொடர்பற்ற ஒரு விற்பனைத் தளத்தில் போய் நின்றார். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளின் இற்றைப்படுத்தலும் தடைப்பட்டது. சுமார் 40 இலட்சம் கணினிகள் இவ்வாறு சிக்கியதாகவும் குறைந்தது 1.4 கோடி டொலர் ஈட்டப்பட்டதாகவும் அமெரிக்கப் புலனாய்வுத்துறை கூறியது. திருட்டு வழங்கிகளை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையம் அற்றுப்போகும் என்பதால், நீதிமன்ற அனுமதியுடன் மாற்று வழங்கிகளை 2012 ஜூலை 9 வரை இயக்க வேண்டியதாயிற்று.

அன்று அந்த அறிவித்தல் பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். இன்று அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காதவாறும் தடுத்தது. இப்போது வீடியோவை உலாவியே நேரடியாக ஓட்டுகிறது. எனவே, படம் பார்க்க எதையேனும் தரவிறக்கி நிறுவுங்கள் என்று ஒரு திரைப்படத் தளம் கேட்டால், அதனைப் பொய் என்றே கொள்ளலாம். இறங்கிய கோப்பின் பெயர் .exe, .apk, .dmg என்று முடிந்தால் வேறு சான்று தேவையில்லை.

அதற்காக இற்றைப்படுத்தலையே வெறுத்துவிடலாகாது. பழைய உலாவியும் ஆபத்தானதே. ஆனால் அதனைச் செய்ய வேண்டிய இடம் உலாவியின் உள்ளே இருக்கிறது. குரோம் பாவிப்பவர் முகவரிப் பட்டையில் `chrome://settings/help` என்று தட்டினால், தம்மிடம் இருப்பது புதியதா என்பதை உலாவியே சொல்லும். பழையதாயின் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இன்றைய திருட்டின் குறியும் மாறிவிட்டது. சட்டவிரோதத் திரைப்படத் தளங்களின் படச் சட்டத்துக்குள் பதித்த விளம்பர இணைப்புகளிலிருந்து தொடங்கிய தாக்குதலொன்றை மைக்ரோசொஃப்ட் 2024 டிசம்பரில் கண்டறிந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டன. அங்கு இறங்கியவற்றுள் 'லும்மா' போன்ற தகவல் திருடிகளும் இருந்தன. இவ்வகை நிரல்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை மட்டுமன்றி, நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளக் குக்கிகளையும் அள்ளிச் செல்கின்றன. அந்தக் குக்கி கையில் இருப்பவனிடம் பல தளங்கள் கடவுச்சொல்லையோ தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ மீண்டும் கேட்பதில்லை. ஆகவே அழுத்திவிட்டவர் அதே கணினியில் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. முதலில் அதனை இணையத்திலிருந்து துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்த வேண்டும். துண்டித்த கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நம்பகமான வழி.

இதையெல்லாம் செய்யாமல் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். திருட்டுப் படம் பார்க்கப்போய் வந்த வினை என்ற வெட்கமே காரணம். திருடனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். வீட்டுப் பிள்ளை வந்து "ஒன்றை அழுத்திவிட்டேன்" என்று சொன்னால், ஏசுவதைப் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தை முதலில் துண்டியுங்கள்.