படம் மட்டும் வந்தால் என்ன பதில் போடுவது?

ஒரு விஷயம் கொஞ்ச நாளாகவே என்னைக் கடுப்பேற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடம் வாட்ஸப்புக்கு வந்தது. பிறகு பள்ளிகள் திறந்தன. ஆனாலும் புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் போகவில்லை. எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் பத்தாவது படிக்கிற பிள்ளைகள், கல்லூரிக்குப் போகிற தெரிந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு படம் அனுப்புவார்கள். அப்போதுதான் அப்பாவின் போன் கைக்கு வரும். படம் மட்டும்தான் வரும். ஒரு வார்த்தை, ஒரு கேள்விக்குறி கூட இருக்காது.

இதற்கு நம்ம ஆட்கள் இரண்டு விதமாகப் பதில் போடுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

முதல் கோஷ்டி கோபக்காரர்கள். "என்ன வேணும்னு கேட்கத் தெரியாதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று பாய்வார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள் "என்ன டவுட்?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தனக்கு எது புரியவில்லை என்று வார்த்தையில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். சொல்லத் தெரியாததால்தான் படமாக அனுப்புகிறது. அதனிடமே கேள்வியைத் திருப்பிக் கொடுத்தால், "ஒண்ணுமில்லண்ணே" என்று ஒரு பதில் வரும். அத்தோடு கதை முடிந்தது.

இரண்டாவது கோஷ்டி வள்ளல்கள். பக்கத்தில் பத்துக் கணக்கு இருந்தால் பத்தையும் போட்டு, நாலு தாளைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை கேட்க வந்தது ஒரு கணக்கில் ஒரு வரி. அது அந்த நாலு தாளில் எங்கோ புதைந்து கிடக்கும். மறுநாள் நோட்டில் பத்துக் கணக்கும் ஏறியிருக்கும், மண்டையில் ஒன்றும் ஏறியிருக்காது. ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945-ல் எழுதிய 'ஹவ் டு சால்வ் இட்' புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இதைத்தான் சொல்கிறார்: உதவி கூடவும் கூடாது, குறையவும் கூடாது, வேலையில் மாணவனுக்கு ஒரு நியாயமான பங்கு மிச்சம் இருக்க வேண்டும். கோபக்காரர் எதையும் கொடுப்பதில்லை. வள்ளல் மிச்சம் எதையும் வைப்பதில்லை.

சரி, வேறு என்னதான் செய்வது? முதலில் படத்தைப் பாருங்கள், சாமி! பெரும்பாலானவர்கள் பாடத்தைப் பார்க்கிறார்களே தவிர படத்தைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் பென்சில் சுழி இருக்கும். முதல் மூன்று கணக்குக்கு டிக் அடித்திருக்கும், நாலாவதுக்கு இருக்காது. மூலையில் நோட்டின் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும், அதில் பாதியில் நின்ற ஒரு வரி இருக்கும். பிள்ளை எழுதாமல் விட்ட செய்தி இதுதான்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். பத்தாம் வகுப்புக் கணக்கு, கூட்டுத் தொடர்வரிசைப் பயிற்சிப் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது கணக்கைச் சுற்றிப் பென்சில் கோடு. 16, 11, 6, 1, ... என்ற தொடர்வரிசையில் −54 எத்தனையாவது உறுப்பு என்பது கேள்வி. நான் போடச் சொல்லும் முதல் பதில் இவ்வளவுதான்:

"தம்பி, கூட்டுத் தொடர்வரிசைப் பயிற்சி வந்திருக்கு. நாலாவதைச் சுழிச்சிருக்க, அதுதானே? கடைசி எண் −54-னு படிக்கிறேன். உனக்கு என்ன விடை வந்துச்சு? எண்ணை மட்டும் அனுப்பு. இன்னும் ஆரம்பிக்கலைன்னா 11-லேருந்து 16-ஐக் கழிச்சுப் பார்த்து, வர்றதை அனுப்பு. வேற கணக்குன்னா 'வேற'ன்னு போடு."

இதில் நாலு காரியம் நடக்கிறது. படம் வந்து சேர்ந்தது, இன்ன பக்கம் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. எதைக் கேட்கிறாய் என்று நாமே ஊகித்துச் சொல்லிவிட்டோம், தப்பென்றால் திருத்த ஒரு வழியும் விட்டோம். ஆரம்பிக்காதவனுக்கு முதல் அடி கையில் கிடைத்தது. எல்லாவற்றையும் விட முக்கியம், பதில் சொல்ல ஓர் எண் போதும். தமிழ் டைப் அடிக்கத் தெரியாத பிள்ளையும், அப்பா போனைத் திருப்பிக் கேட்கிற பிள்ளையும் ஓர் எண்ணை அனுப்பிவிடும்.

அந்த எண் எவ்வளவு பேசும் தெரியுமா? −13 என்று வந்தால், d-யை −5 என்று எடுக்காமல் 5 என்று எடுத்திருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கம். "எங்கேயாவது −13-ஆவது ஆள் வரிசையில நிற்பானா?" என்று கேட்டால் தானே பிடித்துக்கொள்வான். 14 என்று வந்தால், n = (l − a)/d + 1 என்பதில் அந்த 1-ஐ விட்டிருக்கிறான். அவனிடம் நம்ம ஊர்க் கண்மாயைச் சொல்லுங்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொலவடையே இருக்கிறது. கரையோரம் 48 மடை வரிசையாக இருந்தால் இடைவெளி எத்தனை? 47. வகுத்தால் கிடைப்பது இடைவெளி, கேட்பது மடை. 15 என்று வந்தால் கணக்குச் சரி. அவன் கேட்க வந்தது வேறு ஏதோ. இப்போது கேளுங்கள் "என்ன டவுட்?" என்று, பதில் வரும்.

−54-னு படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேனே, அது சும்மா இல்லை. வாட்ஸப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது கழித்தல் குறி, தசமப் புள்ளி, மேலே எழுதும் அடுக்கு இவைதான் முதலில் மங்கும். அதை 54 என்று படித்துப் போட்டால் n = −6.6 என்று வரும். உறுப்பின் எண் முழு எண்ணாக வரவில்லை என்றால் கணக்கைத் திட்டுவதற்கு முன் படத்தைச் சந்தேகப்படுங்கள். "படம் தெளிவா இல்லை" என்று மொட்டையாகப் போடாதீர்கள். எந்த இடம் மங்கல் என்று சொல்லி, அந்த ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2023-லிருந்து எச்.டி. வசதியும் இருக்கிறது.

சுழியும் இல்லை, டிக்கும் இல்லை என்றால்? பயிற்சிப் பக்கமானால், "எத்தனையாவது கணக்கு? எண் மட்டும் போடு, மொத்தப் பக்கமும் புரியலைன்னா 0 போடு" என்று கேளுங்கள். பாடப் பக்கமானால், அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்று இரண்டே வரியில் எழுதி, எந்தப் பத்தியில் நின்றாய் என்று கேளுங்கள். வரலாற்றுப் பக்கத்தை அனுப்பிய பிள்ளைக்கு அந்த இரண்டு வரியே போதுமானதாகவும் இருக்கலாம்.

"இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? கேட்கப் பழகட்டுமே" என்பார்கள். பழகட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கேள்வி கேட்கிற பழக்கம் திட்டினால் வராது. நாலு தடவை "நாலாவதா?" என்று நாம் கேட்டால், ஐந்தாவது தடவை படத்தோடு '4' என்று அதுவே வரும். அடுத்து '4, −13 வருதுண்ணே' என்று வரும். இதைவிட நல்ல கேள்வியை எந்த வாத்தியாரும் எதிர்பார்க்க முடியாது.