துணி நாலு, நிறம் நாலு

“மைக்ரோஃபைபர் துணி வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. இப்போ தண்ணியை உறிஞ்சவே மாட்டேங்குது. டூப்ளிகேட்டா?” மேருவிலிருந்து ஒரு நேயர் அக்கா கேட்ட கேள்வி இது.

எப்படித் துவைக்கிறீர்கள் என்று கேட்டேன். குளியல் துண்டுகளோடு சேர்த்து, வாசனைக்கு சாஃப்ட்னர் ஊற்றி, மழை நாளில் டோபி கடை டிரையரில் அதிகச் சூட்டில் காயவைப்பாராம். துணி டூப்ளிகேட் இல்லை. துவைத்த விதம்தான் அதை முடக்கிவிட்டது.

இந்தத் துணி பாலியஸ்டரும் பாலியமைடும் சேர்ந்தது. ஒவ்வொரு இழையும் மிக மெல்லியதாகப் பிளக்கப்பட்டிருக்கும். அந்த இடுக்குகளில்தான் தண்ணீரும் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் மாட்டுகின்றன. சாஃப்ட்னர் அந்த இழைகள் மேல் படலமாகப் படிந்துவிடும். பருத்தித் துண்டின் பஞ்சு இடுக்குகளை அடைக்கும். அதிகச் சூடு இழைகளைக் கெடுத்துவிடும்.

சோதிப்பது சுலபம். மேசையில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். நல்ல துணி உடனே உறிஞ்சும். கெட்டது தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். அப்படித் தள்ளினால், சாஃப்ட்னர் இல்லாமல், கொஞ்சம் சோப்புத் தூளோடு 60 டிகிரி சுடுநீரில் இரண்டு முறை துவைத்துப் பாருங்கள் (துணியின் லேபிள் அந்தச் சூட்டை அனுமதித்தால்). படலம் போனால் துணி மீளும். தொட்டால் சொரசொரவென்று விறைத்திருந்தால் சூட்டில் இழை கெட்டுவிட்டது என்று அர்த்தம், அது மீளாது.

அந்த அக்காவிடம் இன்னொன்றும் கேட்டேன்: கழிப்பறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஒரே துணியா? “அலசிட்டுத்தான் துடைப்பேன்” என்றார். அலசினால் மட்டும் போதாது. அழுக்கைப் பிடித்து வைப்பதுதான் இந்தத் துணியின் வேலை. கிருமியை அது கொல்லாது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் 2007-இல் துப்புரவுப் பொருள்களுக்கு ஒரே நிற முறையைக் கொண்டுவந்தார்கள்: கழிப்பறை, குளியலறைக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, பொது இடங்களுக்கு நீலம், தனிமை வார்டுக்கு மஞ்சள். வீட்டில் தனிமை வார்டு இல்லையே! அதனால் எங்கள் வீட்டில் மஞ்சள், முகம் கழுவும் தொட்டிக்கு. கழிப்பறைத் தொட்டிக்கு மட்டும்தான் சிவப்பு.

பச்சைக் கோழி வெட்டிய பலகையை மட்டும் எந்தத் துணியாலும் துடைக்காதீர்கள். டிஷ்யூ காகிதத்தால் துடைத்து வீசிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

துவைக்கும்போது சிவப்புத் துணிகள் தனியாக, கடைசியாக. மற்ற மூன்று நிறமும் சேர்ந்து போகலாம். பருத்தி மட்டும் கூடாது. குளோராக்ஸ் வேண்டாம், அது இழையை அரிக்கும். டோபி கடைக்குப் போனால், இயந்திரம் தானாக சாஃப்ட்னர் சேர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரையரில் குறைந்த சூடு போதும். இல்லாவிட்டால் போர்ச்சில் கொடியில் விரித்துப் போடுங்கள். மெல்லிய துணிதானே, மழை நாளிலும் சீக்கிரம் காய்ந்துவிடும்.