எபேசில் பேரரசர் எதைத் தீர்த்தார்?

வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இலத்தீன் கத்தோலிக்கரும், மலங்கரைக் கத்தோலிக்கரும், தென்னிந்தியத் திருச்சபையினரும் அருகருகே வாழ்கின்றனர். வழிபாட்டு முறையில் வேறுபடும் இம்மூவருக்கும் நிசேயா விசுவாச அறிக்கை பொதுவானது. அதை வகுத்த 325ஆம் ஆண்டுச் சங்கத்தைக் கூட்டியவர் கான்ஸ்தந்தீன் பேரரசர். ஆகவே தொடக்ககாலக் கோட்பாடுகள் அரச ஆணையால் பிறந்தவை என்று ஒரு சாராரும், பேரரசர் வெறும் காவலரே என்று மறுசாராரும் வாதிடுகின்றனர். 431இல் கூடிய எபேசு சங்கத்தின் நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தால் இரண்டு கூற்றுகளும் நிலைக்கவில்லை.

கான்ஸ்தாந்திநோபிளின் ஆயர் நெஸ்தோரியுஸ், மரியாவை ‘இறைவனின் தாய்’ என்று அழைப்பது தவறான பொருளுக்கு இடந்தரும் என்றும், ‘கிறிஸ்துவின் தாய்’ என்பதே தக்கது என்றும் போதித்தார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் அதைக் கடுமையாக எதிர்த்தார். கிறிஸ்துவின் இறைமையும் மனிதமும் எவ்வாறு ஒன்றாயின என்பதே அச்சொல்லின் அடியில் இருந்த வினா. இரண்டாம் தெயோதோசியுஸ் 431 பெந்தெகொஸ்தே நாளுக்குச் சங்கத்தை அழைத்தார். தம் பிரதிநிதியாகக் காந்திதியான் என்ற அதிகாரியை அனுப்பி, ஒழுங்கைக் காக்கவும், கோட்பாட்டு விவாதத்தில் தலையிடாதிருக்கவும் பணித்தார்.

பேரரசருக்கு இதில் என்ன அக்கறை? முதற்காரணம் சட்டம். மெய்யான திருச்சபையின் குருக்களுக்கு வரி, பொதுப்பணி ஆகியவற்றிலிருந்து விலக்கு இருந்தது. எது மெய்யான திருச்சபை என்பது ஆகவே அரசு விடைகாண வேண்டிய வினாவாயிற்று. இரண்டாவது காரணம், வழிபாட்டில் பிளவு நேர்ந்தால் இறைவனின் அருள் நாட்டைவிட்டு அகலும் என்ற உரோமையரின் பழைய நம்பிக்கை. மூன்றாவது காரணம் நடைமுறை சார்ந்தது. பல மாகாணங்களின் ஆயர்களை ஓரிடத்தில் சேர்க்கவும், தீர்ப்பை எங்கும் செயற்படுத்தவும் வல்லவர் வேறு எவரும் இலர்.

அந்தியோக்கியாவின் ஆயர் யோவானும் அவருடைய குழுவினரும் வந்துசேரும் முன்பே, காந்திதியானின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், ஜூன் 22 அன்று சிரில் சங்கத்தைத் தொடங்கினார். அன்று கையாண்ட முறை கவனத்துக்குரியது. முதலில் நிசேயா அறிக்கை வாசிக்கப்பட்டது. பின்னர் சிரிலின் கடிதம் வாசிக்கப்பட்டு, அது நிசேயாவுடன் ஒத்துப்போகிறதா என்று ஆயர்கள் ஒவ்வொருவராகக் கருத்துரைத்தனர். நெஸ்தோரியுஸின் கடிதமும் அதே அளவுகோலால் அளக்கப்பட்டுத் தள்ளப்பட்டது. முந்தைய தந்தையரின் மேற்கோள்களும் வாசிக்கப்பட்டன. புதியதொரு கோட்பாட்டை இயற்றுவதன்று, ஏற்கெனவே ஏற்றதோடு பொருத்திப் பார்ப்பதே சங்கம் தன் பணியென எண்ணியது. அழைப்பை ஏற்று வராத நெஸ்தோரியுஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

நான்கு நாள்களுக்குப் பின் வந்த யோவான், தனிச் சங்கம் கூட்டிச் சிரிலையும் எபேசின் ஆயர் மெம்னோனையும் நீக்கினார். பேரரசரோ இரு தரப்புத் தீர்ப்புகளையும் ஏற்று, மூவரையும் காவலில் வைத்தார். எவரையும் இணக்க இயலாமல் இறுதியில் சங்கத்தைக் கலைத்தார். சிரில் தம் நகருக்குத் திரும்பினார்; அவருடைய தரப்பினர் அரசவையினருக்கு வழங்கிய காணிக்கைகளின் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. நெஸ்தோரியுஸ் தம் மடத்துக்குத் திரும்பி, பின்னர் நாடுகடத்தப்பட்டார்.

பிளவு ஆறியது எபேசில் அன்று. 433இல், அரச அதிகாரி ஒருவர் இரு நகரங்களுக்குமிடையே தூது நடக்க, அந்தியோக்கியர் வரைந்த உடன்பாட்டு வாசகத்தைச் சிரில் ஏற்றார். யோவான் ‘இறைவனின் தாய்’ என்பதையும் நெஸ்தோரியுஸின் நீக்கத்தையும் ஏற்றார். பேரரசரால் அவர்களைப் பேசவைக்க முடிந்தது. பேசவேண்டிய சொற்களை அவர் தரவில்லை. எனினும் யார் பதவியில் நீடிப்பது என்பதை அவருடைய அவையே முடிவுசெய்தது.

அவருடைய அதிகாரத்தின் எல்லை பாரசீகத்தில் தெளிவாயிற்று. அங்கிருந்த கிழக்குத் திருச்சபை எபேசின் தீர்ப்பை ஏற்கவில்லை. மலபாரின் தோமா கிறிஸ்தவர்கள் அத்திருச்சபையோடு உறவு கொண்டிருந்தனர். 1599இல் கோவாப் பேராயர் அலெய்சோ டி மெனெசெஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் நெஸ்தோரியுஸைச் சபிக்குமாறு அவர்களைப் பணித்தது. அவர்களுடைய சுரியானி நூல்களைத் திருத்தவோ எரிக்கவோ ஆணையிட்டது. பழைய பேரரசரின் இடத்தில் இப்போது போர்த்துக்கீசியரின் வலிமை நின்றது. ஆனால் 433இல் நிகழ்ந்ததைப் போன்ற பேச்சு அங்கு நிகழவில்லை. 1653இல் கூனன் குருசு சத்தியத்தில் அதன் விளைவு வெடித்தது.

1994 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுலும் அசீரியக் கிழக்குத் திருச்சபையின் நான்காம் மார் தின்காவும் கையொப்பமிட்ட அறிக்கை, ‘இறைவனின் தாய்’, ‘கிறிஸ்துவின் தாய்’ என்னும் இரு வழக்குகளையும் ஒரே விசுவாசத்தின் வெளிப்பாடுகளாக மதித்தது. அதற்குப் பேரரசர் எவரும் தேவைப்படவில்லை. சங்கங்களை ஆராய்வோர் தீர்ப்பு வழங்கப்பட்ட நாளோடு நின்றுவிடாமல், அதை யார் ஏற்றார், யார் ஏற்க மறுத்தார் என்பதையும் எழுத வேண்டும். கோட்பாடு உறுதிபெறும் இடம் அதுவே.