டிசம்பரில் சம்பளம் இல்லாத ரீச்சர்

“லீவு விட்டாச்சு, இனி ரீச்சர்மாருக்குச் சந்தோசம்தானே?” டிசம்பர் வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆக்கள் இல்லை. அரசாங்கப் பாடசாலையில் நிரந்தர நியமனம் உள்ளவருக்கு அது சரியாக இருக்கலாம். லீவு விட்டாலும் அவருடைய சம்பளம் வங்கிக்கு வந்துவிடும். ஆனால் தனியார் பாடசாலையில் ஒப்பந்தத்தில் படிப்பிக்கிறவருக்கும், பின்னேரம் ரியூட்டரியில் வகுப்பெடுக்கிறவருக்கும் லீவு எண்டால் வருமானம் நிக்கிறது எண்டுதான் அர்த்தம். எங்கட வயதில் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிற பலர் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சீவிக்கிறம்.

எங்களில் ஒருத்தியின் கணக்கை அவளின் சம்மதத்தோட இங்க எழுதுறம். காலையில் ஒரு தனியார் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். கைக்கு வாறது மாதம் 30,000 ரூபாய். ஆனால் நியமனக் கடிதத்தில் “கற்பித்தல் நடைபெறும் காலத்துக்கு” எண்டு ஒரு வரி இருக்கு. அந்த ஒரு வரியால் ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் அரைச் சம்பளம், டிசம்பரில் ஒண்டும் இல்லை.

பின்னேர வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய். உண்மையில் காசு கட்டுறது சராசரியாக 32 பேர். அதில் கால்வாசியை ரியூட்டரி எடுத்தால் அவளுக்கு மிஞ்சுறது 24,000. அதுவும் எல்லா மாதமும் வராது. ஜனவரியில் புது வகுப்பு சேர்ந்து முடியவே பாதி மாதம் போய்விடும். ஏப்ரலில் வருசப்பிறப்பு, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா. “இந்த மாசம் ரெண்டு கிளாஸ்தானே ரீச்சர் நடந்தது” எண்டு பெற்றோர் பாதிக் காசு தருவினம். அதில் பிழை சொல்லவும் ஏலாது. டிசம்பரில் வகுப்பே இல்லை.

இப்ப கூட்டிப் பாருங்கோ. முழுசாகக் காசு வாற மாதங்கள் எட்டு, ஒவ்வொண்டிலும் 54,000. ஜனவரியில் 42,000. ஏப்ரல், ஓகஸ்ட் இரண்டிலும் 27,000 படி. டிசம்பரில் பூச்சியம். வருசத்துக்கு மொத்தம் 5,28,000 ரூபாய். அதை 12 ஆல் பிரித்தால் மாதம் 44,000.

அவள் தன்னை 54,000 ரூபாய் உழைக்கிற ஆளாகத்தான் நினைச்சுக்கொண்டிருந்தாள். நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம். மோட்டார் சைக்கிள் லீசிங் எடுக்கேக்க கொம்பனி கேட்டதும் அந்தத் தொகையைத்தான். மாதத் தவணை 14,000. பெப்ரவரியில் அது பாரமில்லை. ஏப்ரலில் 27,000 வந்து அதில் பாதிக்கு மேல் லீசிங்குக்குப் போனபோதுதான் விசயம் விளங்கினது. டிசம்பரில் சங்கிலி அடகுக்குப் போனது. மார்ச்சில் வட்டியோடு மீட்டாள், அடுத்த டிசம்பரில் திரும்பவும் வைத்தாள். அவளுக்குச் செலவாளி எண்டு பேர் வந்தது. உண்மையில் அவள் ஊதாரி இல்லை, பிழையான தொகையை வைத்துத் திட்டம் போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஆகவே எங்கட முதல் கருத்து: ஒப்பந்தத்தில் படிப்பிக்கிற ஆளுக்கு மாதச் சம்பளம் எண்டு ஒண்டு இல்லை. வருசச் சம்பளம்தான் இருக்கு. யாராவது “எவ்வளவு எடுக்கிறாய்?” எண்டு கேட்டால் மனதுக்குள் வரவேண்டியது 44,000 தான். 54,000 வாற மாதத்தில் மிஞ்சுற 10,000 சேமிப்பு அல்ல. அது டிசம்பரின் சம்பளம் முன்கூட்டியே கைக்கு வந்தது. அதை வேற ஒரு வங்கிப் புத்தகத்தில், காட் இல்லாத கணக்கில் போடவேணும். ஜனவரியில் குறையிற 2,000 ஐ எப்பிடியாவது சமாளித்துவிட்டால் மிச்ச வருசம் ஓடும். மார்ச் முடிவில் அந்தப் புத்தகத்தில் 18,000 இருக்கும், ஏப்ரல் அதில் 17,000 ஐ எடுத்துவிடும். நவம்பர் முடிவில் 44,000 சேர்ந்திருக்கும், டிசம்பர் அதை அப்பிடியே விழுங்கும். ஒரு காய்ச்சலுக்குக்கூட இதில் இடமில்லை. அதனால் 44,000 ஐயும் செலவழிக்காமல் 42,000 இல் நிக்கிறது நல்லது. மாதாமாதம் கட்டவேண்டிய எதையும், லீசிங் ஆனாலும் வாடகை ஆனாலும், ஏப்ரல் மாதச் சம்பளத்தை வைத்துத்தான் தீர்மானிக்கவேணும்.

சீட்டு பற்றியும் ஒண்டு சொல்லவேணும். பெப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியிற பத்துப்பேர் சீட்டு, மாதம் 5,000, கடைசியாக எடுக்கிறது எண்டால் டிசம்பருக்குப் பொருத்தம்போலத் தெரியும். 50,000 ஒரேயடியாக வரும். ஆனால் ஏப்ரலிலும் 5,000 கட்டத்தான் வேணும். 44,000 செலவழிக்கிற ஆள் அங்கேயே விழுந்துவிடுவார். செலவை 40,000 க்குக் குறைத்தால் மட்டும் சீட்டு தாங்கும். சீட்டுப் பிடிக்கிறவர் நன்றாகத் தெரிந்த ஆளாகவும் இருக்கவேணும், ஏனெண்டால் கடைசியாக எடுக்கிறவருக்குத்தான் காசு போகிற ஆபத்தும் கூட.

இவ்வளவும் நாங்கள் செய்யலாம். ஆனால் இதோட நிறுத்தினால் பிழை முழுதும் எங்கட தலையில்தான் எண்டு ஆகிவிடும். எங்கட இரண்டாவது கருத்து நிர்வாகங்களுக்கு. அவள் படிப்பிக்கிற பாடசாலை பிள்ளைகளிடம் தவணைக் கட்டணம் வாங்குது. மூன்று தவணைக்கும் வாங்கினால் வருசம் முழுதுக்கும் வாங்கியாச்சு. ஏப்ரலில் வகுப்பு நடக்கேல்லை எண்டு எந்தப் பெற்றோருக்கும் காசு திரும்பினதில்லை. ரீச்சருக்கு மட்டும் நாள் எண்ணிக் குடுக்கிறது என்ன நியாயம்? லீவில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி, புள்ளி போட்டு, றிப்போட் எழுதுறதும் அவள்தானே?

லீவுக்கும் முழுச் சம்பளம் குடுக்கிறதுதான் நேர்மை. அதுக்கு இன்னும் தயாரில்லை எண்டால் குறைந்தது இதையாவது செய்யலாம். அவளுக்கு வருசத்துக்குக் குடுக்கிற 3,00,000 ரூபாயை 12 ஆல் பிரித்து மாதம் 25,000 எண்டு குடுக்கலாம். பாடசாலைக்கு ஒரு ரூபாயும் கூடச் செலவில்லை. இப்பிடிக் கேட்கேக்க ஒரு வரியைக் கட்டாயம் எழுத்தில் வாங்கவேணும்: இடையில் விலகினால் மிச்சம் தரப்படும் எண்டு. ஜூன் முடிவில் அவள் விலகினால் உழைத்தது 1,65,000, கைக்கு வந்தது 1,50,000. அந்த 15,000 அவளின் காசு.

இன்னொண்டையும் கேட்கவேணும். ஊழியர் சேமலாப நிதி நிரந்தர ஆக்களுக்கு மட்டும் எண்டு அவளுக்குச் சொல்லியிருக்கினம். அது பிழை. தற்காலிகமாக, ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. தொழில்கொள்பவர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம். அவளின் 3,00,000 க்குப் பாடசாலை போடவேண்டியது மட்டும் வருசம் 36,000 ரூபாய். ஒரு டிசம்பரில் அவளுக்கு இல்லாமல் போற சம்பளத்தைவிட இது கூட.

தனியாகப் போய்க் கேட்டால் “விருப்பமில்லையெண்டால் நிக்கலாம் ரீச்சர்” எண்டுதான் பதில் வரும், எங்களுக்குத் தெரியும். வெளியில் இன்னும் பத்துப்பேர் நிக்கினம். அதனால் ஒரே ஸ்ராவ் றூமில் இருக்கிற ஆக்கள் முதலில் தங்கட கடிதங்களை எடுத்து ஒரே மேசையில் வைத்துப் பாருங்கோ. ஆளுக்கு ஆள் சம்பளத்தை மறைத்துக்கொண்டு இருக்கிறதால்தான் அந்த ஒரு வரி எல்லார் கடிதத்திலும் இருக்கிறது எங்களுக்கே இவ்வளவு நாளாகத் தெரியாமல் இருந்தது. பார்க்கிறதுக்கு நல்ல மாதம் நவம்பர். அடுத்த வருசக் கடிதம் அப்ப இன்னும் கையெழுத்தாகியிருக்காது.